ஸ்கிரீன்ஷாட்டில் மட்டுமே மிஞ்சிய ரெஸ்யூமே: லைன் சூப்பர்வைசர் வேலையை எண்களோடு எழுதுவது எப்படி?

பவர்டேபிள்

வணக்கம். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் தையல் லைன் சூப்பர்வைசராக நாலரை வருடம் வேலை பார்த்தேன். இப்போது வேறொரு நிறுவனத்தில் உற்பத்தி உதவி மேலாளர் பணிக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். கணினி பழுதானதில் ரெஸ்யூமே கோப்பு போய்விட்டது. நண்பருக்கு எப்போதோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் ஒன்றுதான் மிச்சம். போன் எண்ணையும் முகவரியையும் மறைத்துவிட்டு அதை இங்கே இணைத்திருக்கிறேன். ரெஸ்யூமே ஆங்கிலத்தில் இருக்கிறது. பேசுவதற்கு வசதியாக அந்த வேலைக்குக் கீழே உள்ள வரிகளைத் தமிழில் தருகிறேன். ஆல்டர் என்பது குறை இருப்பதால் செக்கிங்கிலிருந்து திரும்பி வரும் பீஸ்.

– தையல் லைன் மேற்பார்வைப் பொறுப்பு
– தினசரி உற்பத்தி இலக்கைக் கவனித்தல்
– ஆல்டரை 7%க்குள் வைத்திருத்தல், தரம் பேணுதல்
– புதிய தையல்காரர்களுக்குப் பயிற்சி
– மெர்ச்சண்டைசருடன் ஒருங்கிணைந்து… (இதற்குப் பிறகு படம் வெட்டுப்பட்டுவிட்டது)

விளம்பரத்தில் "செய்த வேலையை அல்ல, அடைந்த பலனை அளவோடு குறிப்பிடவும்" என்று கேட்டிருக்கிறார்கள். என் வரிகள் எல்லாமே பொறுப்புகளின் பட்டியலாக நிற்கின்றன. இவற்றை எப்படி மாற்றி எழுதுவது?

வெள்ளிமலை

இதற்கு ஏன் கவலை? ஸ்கிரீன்ஷாட்டை கூகுள் டிரைவில் ஏற்றி, அதன்மேல் வலது சொடுக்கு செய்து `Open with` வழியாக `Google Docs` கொடுங்கள். படத்தில் உள்ள எழுத்தெல்லாம் திருத்தக்கூடிய எழுத்தாக வந்துவிடும். உங்களுக்காக நானே செய்து பார்த்தேன், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எல்லா வரிகளும் கீழே இருக்கின்றன, அப்படியே ஒட்டிக்கொள்ளுங்கள்.

கோவை_பணியமர்த்தல்

வெள்ளிமலை, அவர் கேட்டது படத்தை எழுத்தாக்குவது பற்றி அல்ல. வரிகளைத் திருத்தி எழுதுவது பற்றி. ஆனாலும் நீங்கள் ஒட்டியிருப்பதைப் படித்தது நல்லதாயிற்று. மூன்றாவது வரியில் "ஆல்டர் 796க்குள்" என்று வந்திருக்கிறது, பாருங்கள். மங்கலான படத்தில் சதவீதக் குறியை மென்பொருள் 96 என்று படித்துவிடுகிறது. இந்தத் தவறை விண்ணப்பங்களில் பலமுறை பார்த்திருக்கிறேன். அவருடைய படத்தில் தேதிகள் வலது ஓரத்தில் தனி வரிசையாக இருக்கின்றன அல்லவா, அவையும் வேறு வேலைக்கு எதிரே போய் உட்கார்ந்திருக்கின்றன. ஸ்கிரீன்ஷாட்டிலிருந்து எடுத்தால் ஒவ்வொரு எண்ணையும் ஒவ்வொரு தேதியையும் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் ஆகவேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சிலர் ஸ்கிரீன்ஷாட்டையே பி.டி.எஃப். ஆக்கி அனுப்பிவிடுகிறார்கள். விண்ணப்பங்களைத் தரம் பிரிக்கும் மென்பொருளுக்கு அதில் படிக்க எழுத்தே இருக்காது. பி.டி.எஃப்.பைத் திறந்து ஒரு வரியை மவுஸால் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். எழுத்து தேர்வாகாமல் பக்கம் முழுதும் ஒரே கட்டமாகப் பிடிபட்டால் அது வெறும் படம்.

எழுத்தாணி

சுலபமான வழி சொல்கிறேன். எல்லா வரியிலும் ஒரு சதவீதம் வரவேண்டும், வரியின் தொடக்கத்திலேயே வரவேண்டும். "உற்பத்தியை 30% உயர்த்தினேன்", "ஆல்டரை 40% குறைத்தேன்", "பயிற்சி நேரத்தை 25% குறைத்தேன்". சரியான கணக்கு கையில் இல்லையென்றால் நியாயமாகத் தோன்றும் ஓர் எண்ணைப் போடுங்கள். பழைய நிறுவனத்துக்குப் போன் போட்டு "இவர் 30 உயர்த்தினாரா, 22 உயர்த்தினாரா?" என்று யாரும் கேட்கப்போவதில்லை. நான் விற்பனைத் துறையில் இப்படித்தான் எழுதினேன், அழைப்பு வந்தது.

பழைய_ஐஇ

எண் முன்னால் வரவேண்டும் என்று எழுத்தாணி சொல்வது சரி. கண் முதலில் எண்ணில்தான் நிற்கும். ஆனால் எண்ணை ஊகித்துப் போடச் சொல்வதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். பின்னலாடைத் தொழிற்சாலைகளில் இருபது வருடம் நேர ஆய்வுப் பிரிவில் இருந்தவன் நான். சூப்பர்வைசர் பணிக்கு வந்தவர்களை நேர்காணலும் செய்திருக்கிறேன். நாங்கள் பழைய நிறுவனத்துக்குப் போன் போடுவதில்லை, அதற்குத் தேவையும் இல்லை. "30% உயர்த்தினேன்" என்று எழுதியவரிடம் "என்ன ஸ்டைல், சாம் எவ்வளவு, லைனில் எத்தனை பேர்?" என்று மூன்று கேள்வி கேட்டாலே போதும். சாம் என்பது ஒரு பீஸைத் தைக்க நிர்ணயித்த நேரம். உண்மையில் செய்தவர் யோசிக்காமல் சொல்வார். எண்ணைப் பிறகு சேர்த்தவர் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார். அதற்குப் பிறகு அவர் சொல்லும் மெய்யும் எடுபடாது.

பவர்டேபிள், உங்கள் இரண்டாவது வரியை மட்டும் முதலில் எடுத்துக்கொள்வோம். உங்களிடம் நான்கு கேள்விகள்.

நீங்கள் பொறுப்பேற்றபோது லைன் ஒரு நாளைக்கு எத்தனை பீஸ் தந்தது, பிறகு எத்தனை தந்தது? இரண்டு காலத்திலும் ஓடியது ஒரே ஸ்டைலா? லைனில் ஆள் எண்ணிக்கை மாறியதா? அந்த உயர்வுக்கு நீங்கள் செய்தது என்ன, மற்றவர் செய்தது என்ன? நினைவிலிருந்து சொல்லாதீர்கள். நாள் உற்பத்தியைக் குறித்த நோட்டு ஏதாவது இருந்தால் அதைப் பார்த்துச் சொல்லுங்கள்.

பவர்டேபிள்

நோட்டு இருக்கிறது. மணிவாரியாகப் பலகையில் எழுதுவதை மாலையில் என் சொந்த நோட்டில் ஒரு வரியாகக் குறித்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு உண்டு. நேற்று இரவு எடுத்துப் பார்த்தேன்.

பொறுப்பேற்ற மாதத்தில் சராசரி ஒரு நாளைக்கு 380 பீஸ். ஐந்தாவது மாதத்தில் சராசரி 580. இரண்டிலும் ஓடியது ஒரே போலோ டி-ஷர்ட்தான், திரும்ப வந்த ஆர்டர். சாம் 16 நிமிடம் என்று நேர ஆய்வுத் தாளில் இருந்தது. தையல்காரர் 24, அவர்களுக்கு உதவும் கைமடி 6, ஆக 30 பேர், இதில் மாற்றமில்லை.

அப்படியானால் 380இலிருந்து 580, அதாவது 53% உயர்வு. இவ்வளவு வரும் என்று நானே நினைக்கவில்லை. இதை அப்படியே போடலாமா?

பழைய_ஐஇ

அவசரப்படாதீர்கள். 30 பேர், ஒரே ஸ்டைல், ஐந்தே மாதத்தில் பாதிக்கு மேல் உயர்வு என்றால் நேர்காணல் செய்பவர் நம்பமாட்டார். எனக்கும் ஒரு சந்தேகம் இருக்கிறது. அந்த 580 வந்த மாதத்தில் லைன் எத்தனை மணி வரை ஓடியது?

பவர்டேபிள்

நீங்கள் கேட்ட பிறகுதான் நோட்டில் ஓரத்தைப் பார்த்தேன். முதல் மாதம் எல்லா நாளும் ஒரு ஷிப்டு, மாலை 5.30க்கு முடிந்துவிட்டது. ஐந்தாவது மாதம் ஷிப்மெண்ட் நெருக்கடி. பெரும்பாலான நாள் ஒன்றரை ஷிப்டு, காலை 8.30 முதல் இரவு 8.30 வரை. ஒரு ஷிப்டில் இடைவேளைகள் போக 480 நிமிடம் தையல் ஓடும். ஒன்றரை ஷிப்டில் சாப்பாடு, டீ எல்லாம் போக 630 நிமிடம். இதை நான் கவனிக்கவே இல்லை.

பழைய_ஐஇ

அதுதான் விஷயம். திருப்பூரில் பழகியவருக்கு ஒன்றரை ஷிப்டு என்பது மூச்சு விடுவதுபோல் ஆகிவிடுகிறது. கணக்கு எழுதும்போது அது கண்ணில் படுவதில்லை. நேரத்தைக் கூட்டினால் பீஸ் கூடும். அதற்குச் சம்பளமும் கூடக் கொடுத்திருக்கிறார்கள். அது உங்கள் சாதனை ஆகாது.

லைன் திறன் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தைத்த பீஸை சாமால் பெருக்கினால் லைன் ஈட்டிய நிமிடங்கள் வரும். ஆள் எண்ணிக்கையை வேலை நிமிடங்களால் பெருக்கினால் லைன் செலவழித்த நிமிடங்கள் வரும். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் திறன்.

முதல் மாதம்: 380 பீஸ், பீஸுக்கு 16 நிமிடம், ஈட்டியது 6,080 நிமிடம். 30 பேர், ஆளுக்கு 480 நிமிடம், செலவு 14,400. திறன் 42%.

ஐந்தாவது மாதம்: 580 பீஸ், ஈட்டியது 9,280. 30 பேர், ஆளுக்கு 630, செலவு 18,900. திறன் 49%.

53% என்று தோன்றியது 42இலிருந்து 49ஆகச் சுருங்கிவிட்டது. மனம் தளரவேண்டாம், இது நிஜமான உயர்வுதான். ஒரே ஆட்களை வைத்துக்கொண்டு, இரவு வரை ஓடி, களைப்பையும் மீறி வந்தது இது. ஐந்தாவது மாதத்துக்குப் பிறகு ஒரு ஷிப்டு மட்டும் ஓடிய நாட்கள் உங்கள் நோட்டில் இருக்கின்றனவா? அந்த நாட்களை மட்டும் தனியே எடுத்துச் சராசரி பாருங்கள். ஒரு ஷிப்டை ஒரு ஷிப்டோடு ஒப்பிடுவதுதான் முறை.

மருந்துக்கிடங்கு

குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள், என் நிலையும் இதுதான். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் மருந்துக் கிடங்கில் ஆறு வருடமாக இருக்கிறேன். என் ரெஸ்யூமேயிலும் "இருப்பு பராமரித்தல், காலாவதி பார்த்தல், வார்டுகளுக்கு வழங்குதல்" என்றுதான் இருக்கிறது. ஆனால் நான் எதையும் உயர்த்தவுமில்லை, குறைக்கவுமில்லை. எனக்கு முன்பு இருந்தவரும் ஒழுங்காகத்தான் வைத்திருந்தார், நானும் ஒழுங்காக வைத்திருக்கிறேன். சதவீதத்துக்கு நான் எங்கே போவேன்?

கோவை_பணியமர்த்தல்

நல்ல கேள்வி. எழுத்தாணியின் வழி உங்களைப் போன்றவர்களைத்தான் பொய் சொல்ல வைக்கும். எல்லா அளவும் மாற்றத்தின் அளவாக இருக்கவேண்டியதில்லை. எத்தனை வகை மருந்து உங்கள் பொறுப்பில் இருக்கிறது, எத்தனை வார்டுகளுக்கு வழங்குகிறீர்கள், எத்தனை பேரோடு செய்கிறீர்கள் என்பது வேலையின் பருமனைக் காட்டும். ஆண்டிறுதிச் சரிபார்ப்பில் ஏட்டு இருப்புக்கும் கை இருப்புக்கும் எவ்வளவு வித்தியாசம் வந்தது, அது எத்தனை ஆண்டு தொடர்ந்து அப்படி நின்றது என்பது ஒழுங்கைக் காட்டும். காலாவதியாகிக் கழித்த மருந்தின் மதிப்பு உங்கள் கழிவுப் பதிவேட்டில் இருக்கும். காலாவதிக்கு முன்பே விநியோகஸ்தருக்குத் திருப்பி அனுப்பிய பட்டியலும் இருக்கும்.

"ஆறு ஆண்டுகள், இத்தனை வகை மருந்து, ஒவ்வோர் ஆண்டும் சரிபார்ப்பு வித்தியாசம் இவ்வளவுக்குள்" என்று ஒரு வரி எழுதினால், யாரிடம் கிடங்கை நம்பி ஒப்படைக்கலாம் என்று தேடுபவருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? நான் அப்படிப்பட்ட வரியைத்தான் தேடிப் படிப்பேன்.

மருந்துக்கிடங்கு

சரிபார்ப்பு அறிக்கை நகல் ஐந்து ஆண்டுகளுக்கு இருக்கிறது. ஓர் ஆண்டு மட்டும் வித்தியாசம் அதிகம், ஊசி மருந்து ஒன்று இரண்டு முறை பதிவாகியிருந்தது. அந்த ஆண்டை விட்டுவிடலாமா?

கோவை_பணியமர்த்தல்

விட்டுவிட்டு "ஒவ்வோர் ஆண்டும்" என்று எழுதினால் அது பொய். "ஐந்தில் நான்கு ஆண்டுகள்" என்று எழுதுங்கள். நேர்காணலில் ஐந்தாவது ஆண்டு என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். இரட்டைப் பதிவை எப்படிக் கண்டுபிடித்துச் சரிசெய்தீர்கள் என்று சொல்ல உங்களுக்கு ஒரு கதை இருக்கிறது.

பவர்டேபிள்

ஒரு ஷிப்டு நாட்களைத் தனியே எடுத்துவிட்டேன். ஆறாவது, ஏழாவது மாதங்களில் அதே போலோ ஓடி, ஒரே ஷிப்டில் முடிந்த நாட்கள் 17. சராசரி 460 பீஸ். மிகக் குறைந்தது 431, மிக அதிகம் 488. ஐயா சொன்ன முறையில் போட்டால் 7,360 நிமிடம் ஈட்டியிருக்கிறோம், செலவு அதே 14,400. திறன் 51%.

என்ன செய்தோம் என்றும் கேட்டீர்கள். காலர் பொருத்தும் இடத்தில்தான் எப்போதும் பண்டில் குவிந்து கிடக்கும். அதற்குப் பிந்தைய ஆட்கள் சும்மா இருப்பார்கள். பொத்தான் பட்டியான பிளாக்கெட்டில் இருந்த கைதேர்ந்த தையல்காரர் ஒருவரைக் காலருக்கு மாற்றி, அங்கே இரண்டாவது மெஷின் போட்டேன். ஒரு பண்டிலில் 30 பீஸ் இருந்ததை 10 ஆக்கினோம். பண்டிலைச் சிறிதாக்கச் சொன்னது நேர ஆய்வுப் பிரிவினர், ஆள் மாற்றியது நான்.

எழுத்தாணி

அப்படியானால் 42இலிருந்து 51, ஆக 9% உயர்வு. "திறனை 9% உயர்த்தினேன்" என்று எழுதிவிடலாம். என் முந்தைய யோசனையைவிட இது நன்றாகத்தான் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

பழைய_ஐஇ

ஒப்புக்கொண்டதற்கு நன்றி. ஆனால் அந்த 9 இல் ஒரு பிசகு இருக்கிறது. 42 சதவீதத்திலிருந்து 51 சதவீதம் என்பது 9 சதவீதப் புள்ளிகள். 42இல் 9 என்பது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். பீஸில் பார்த்தால் 380க்கு 80 கூடியிருக்கிறது, அது 21%. "9% உயர்த்தினேன்" என்று எழுதினால் தன் உழைப்பைத் தானே பாதிக்கும் கீழாகக் குறைத்துக்கொண்டதாகும். "திறன் 21% உயர்ந்தது" என்று மட்டும் எழுதினால், படிப்பவர் லைன் திறனில் 21 புள்ளி கூடியதாக எடுத்துக்கொண்டு சந்தேகப்படுவார். இரண்டு குழப்பமும் வேண்டாமென்றால் தொடக்க எண்ணையும் முடிவு எண்ணையும் அப்படியே போட்டுவிடுவது நல்லது. கழித்துப் பார்ப்பதைப் படிப்பவரிடம் விட்டுவிடுங்கள்.

அந்த வரியை நான் இப்படி எழுதுவேன்:

"30 பேர் கொண்ட போலோ லைனின் ஒரு ஷிப்டு உற்பத்தியை ஏழு மாதங்களுக்குள் 380 பீஸிலிருந்து 460 ஆக உயர்த்தினேன், லைன் திறன் 42%இலிருந்து 51%, காலர் பொருத்தும் இடத்துத் தேக்கத்தை ஆள் மாற்றியும் கூடுதல் மெஷின் போட்டும் தீர்த்து, நேர ஆய்வுப் பிரிவோடு சேர்ந்து பண்டில் அளவைச் சிறிதாக்கியதன் பலன்."

"ஒரு ஷிப்டு" என்ற சொல்லை எடுத்துவிடாதீர்கள். இந்தத் தொழில் தெரிந்தவர் முதலில் தேடுவது அதைத்தான். "நேர ஆய்வுப் பிரிவோடு சேர்ந்து" என்பதையும் எடுக்காதீர்கள். யார் செய்தது என்று கேட்டால் நீங்கள் தடுமாறவேண்டியிருக்காது.

கோவை_பணியமர்த்தல்

உள்ளடக்கம் மிகச் சரி. நீளம் மட்டும் எனக்கு உறுத்துகிறது. ஆங்கிலத்தில் எழுதும்போது இது மூன்று வரிக்கு ஓடும். ஆங்கிலத்தில் வினை முதலில் வந்து, எண் அதை ஒட்டி வந்துவிடும். நம் மொழியில் வினை கடைசியில் நிற்பதால் தமிழில் யோசித்து அப்படியே மாற்றினால் எண் பின்னுக்குப் போய்விடுகிறது. "உயர்த்தினேன், 380இலிருந்து 460" என்ற வரிசையில் ஆங்கில வரியை அமையுங்கள். மெஷின், பண்டில் விவரங்களை நேர்காணலுக்கு வைத்துக்கொண்டு, காலர் தேக்கத்தை மட்டும் வரியில் விட்டால் போதும்.

பழைய_ஐஇ

அதில் எனக்கு உடன்பாடில்லை. எப்படிச் செய்தார் என்பது இல்லாத எண்ணை நான் நம்புவதில்லை. ஆனால் முதல் சுற்றில் படிப்பவர் பணியமர்த்தல் பிரிவினர்தான், நான் அல்ல. பவர்டேபிளே முடிவு செய்யட்டும்.

பவர்டேபிள்

மூன்றாவது வரிக்கு வருகிறேன். ஆல்டர் 7%க்குள் என்று ஸ்கிரீன்ஷாட்டில் இருப்பது நான் எழுதியதுதான். செக்கிங் மேசையில் திரும்பி வரும் பீஸ்களின் கணக்கு. எட்டு மாதம் தொடர்ந்து 7க்குள் இருந்தது என்பதற்கு நோட்டில் குறிப்பு இருக்கிறது. அதற்கு முன்பு 12 இருந்தது என்று நினைவு, ஆனால் எழுத்தில் இல்லை. "12%இலிருந்து 7%" என்று போடலாமா?

பழைய_ஐஇ

அதற்கு முன் இன்னொன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். 7% என்பது திரும்பிய பீஸ்களின் எண்ணிக்கையா, பீஸ்களில் இருந்த குறைகளின் எண்ணிக்கையா? ஒரு நாள் 400 பீஸ் சோதித்து 28 பீஸ் திரும்பினால் 7%. அந்த 28 பீஸில் சிலவற்றுக்குத் தையல் விடுதலும் இருக்கும், எண்ணெய்க் கறையும் இருக்கும். குறைகளை எண்ணினால் 44 வரலாம்; நூறு பீஸுக்கு 11 குறை. தரப் பிரிவினர் பேசுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது கணக்கை, டி.ஹெச்.யு. என்று. ஒரே நாள், ஒரே மேசை, இரண்டு எண்கள். "12இலிருந்து 7" என்று உங்கள் நினைவில் இருப்பதில் அந்த 12 குறைகளின் கணக்காகவும் 7 பீஸ்களின் கணக்காகவும் இருந்துவிட்டால், நடக்காத முன்னேற்றத்தை எழுதியவர் ஆவீர்கள்.

பவர்டேபிள்

நீங்கள் சொன்னதும் யோசித்தேன். 12 என்பது தரப் பிரிவு மாதக் கூட்டத்தில் திரையில் காட்டிய எண். 7 என் மேசைக் கணக்கு. அவர்கள் குறைகளைத்தான் எண்ணியிருப்பார்கள் போல. நல்லவேளை.

கோவை_பணியமர்த்தல்

அப்படியானால் 12ஐ விட்டுவிடுங்கள். "செக்கிங் மேசையில் திரும்பும் பீஸ்களை எட்டு மாதம் தொடர்ந்து 7%க்குள் வைத்திருந்தேன்" என்பதே நல்ல வரி. மற்றபடி, தொடக்க எண் எழுத்தில் இல்லாமல் நினைவில் மட்டும் இருந்தால் "சுமார்" சேர்த்துப் போடுவதில் தவறில்லை என்பது என் கருத்து. எங்கிருந்து வந்தது என்று கேட்டால் நினைவிலிருந்து என்று சொல்லிவிடலாம்.

பழைய_ஐஇ

"சுமார்" என்ற சொல்லுக்கு அவ்வளவு பாரம் தாங்காது. என்னைக் கேட்டால் எழுத்தில் இல்லாத தொடக்க எண் ரெஸ்யூமேயில் வரக்கூடாது. இதில் நாம் இருவரும் ஒன்றுபடமாட்டோம் என்று நினைக்கிறேன்.

எழுத்தாணி

பையரின் பெயரைப் போட்டால் இன்னும் மதிப்புக் கூடாதா? பெரிய வெளிநாட்டு பிராண்டுக்குத் தைத்தோம் என்றால் உடனே கண்ணில் படும்.

கோவை_பணியமர்த்தல்

பணி ஒப்பந்தத்தில் ரகசியக் காப்பு என்று இருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். பெயர் இல்லாமலே "ஐரோப்பிய சில்லறை பிராண்டின் போலோ ஆர்டர்" என்று எழுதினால் வேண்டிய பொருள் வந்துவிடும். ஸ்கிரீன்ஷாட்டின் மேல் மூலையில் ஒரு பிராண்டின் பெயர் தெரிகிறது, பவர்டேபிள். பொது இடம் இது, முடிந்தால் அதையும் மறைத்து வேறு படம் போடுங்கள்.

பவர்டேபிள்

படத்தை மாற்றிவிட்டேன், நன்றி. பயிற்சி வரிக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பெயர்ப் பட்டியல் இருந்தது. இப்போது என் வரிகள் இப்படி நிற்கின்றன:

– 30 பேர் கொண்ட போலோ லைனின் ஒரு ஷிப்டு உற்பத்தியை ஏழு மாதங்களுக்குள் 380 பீஸிலிருந்து 460 ஆக உயர்த்தினேன் (திறன் 42% – 51%). காலர் தேக்கத்தை ஆள் மாற்றித் தீர்த்தும், நேர ஆய்வுப் பிரிவோடு பண்டில் அளவைக் குறைத்தும்.
– செக்கிங்கில் திரும்பும் பீஸ்களை எட்டு மாதம் தொடர்ந்து 7%க்குள் வைத்திருந்தேன்.
– கைமடியாக இருந்த 14 பேருக்கு ஓவர்லாக், பிளாட்லாக் தையல் பழக்கினேன். 11 பேர் ஆறு மாதத்துக்குப் பிறகும் அதே லைனில் தையல்காரர்களாக இருந்தார்கள்.

மெர்ச்சண்டைசர் வரிக்கு எவ்வளவு யோசித்தும் எண் கிடைக்கவில்லை. ஷிப்மெண்ட் தாமதம் குறைந்தது உண்மை, ஆனால் அதில் என் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பழைய_ஐஇ

அந்த வரியை எடுத்துவிடுங்கள். 14 பேர், 11 பேர் வரிதான் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கைமடியைத் தையல்காரர் ஆக்குவது எவ்வளவு பொறுமை கேட்கும் என்று லைனில் நின்றவருக்குத் தெரியும். நான் நேர்காணலில் இருந்தால் அந்த மூன்று பேர் ஏன் போனார்கள் என்றுதான் முதலில் கேட்பேன், அதற்கு பதிலைத் தயாராக வைத்திருங்கள்.

வெள்ளிமலை

எண்ணெல்லாம் சரியாகிவிட்டது, தேதி? நான் எடுத்துத் தந்த எழுத்தில் அந்த வேலையின் தொடக்கம் 2016 என்று வந்திருக்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் 2018 போலவும் இருக்கிறது. மாதம் வெட்டுப்பட்ட பகுதியில் போய்விட்டது.

பவர்டேபிள்

2018தான். ஆனால் மாதம் ஜூனா, ஜூலையா என்று எனக்கே உறுதியில்லை. பணி நியமனக் கடிதமும் கைவசம் இல்லை.

கோவை_பணியமர்த்தல்

பி.எஃப். பிடித்தார்களா? பிடித்திருந்தால் உங்கள் யூ.ஏ.என். எண்ணோடு பி.எஃப். உறுப்பினர் தளத்தில் நுழைந்து `View` என்பதன் கீழே `Service History` பாருங்கள். ஒவ்வொரு நிறுவனத்திலும் சேர்ந்த தேதி, விலகிய தேதி இரண்டும் இருக்கும். பின்னணி சரிபார்ப்பவர்கள் ஒப்பிடுவதும் பெரும்பாலும் அதைத்தான். சில நிறுவனங்கள் வேலையில் சேர்த்துச் சில மாதம் கழித்துத்தான் பி.எஃப்.பில் சேர்க்கின்றன, அதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அப்படி இருந்தால் முதல் சம்பளம் வங்கிக் கணக்கில் ஏறிய மாதத்தையும் பார்க்கவேண்டியிருக்கும்.

பவர்டேபிள்

பார்த்தேன். பி.எஃப்.பில் செப்டம்பர் 2018 என்று இருக்கிறது. வங்கிப் புத்தகத்தில் முதல் சம்பளம் ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஏறியிருக்கிறது, அப்படியானால் சேர்ந்தது ஜூலை. இரண்டில் எதைப் போடுவது?

கோவை_பணியமர்த்தல்

ஜூலை. வங்கிப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தை இப்போதே ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள், சரிபார்ப்பின்போது கேட்டால் கொடுக்கலாம். மாதமும் ஆண்டும் மட்டும் போதும், நாள் வேண்டாம்.